பாதுகாப்பைக் கூட்டினோம், பில் நின்றது

அமேசானின் கிளவுடில் ஓடும் எந்த சர்வருக்குள் நுழைந்து 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டாலும் வழக்கமாகப் பதில் வரும். அந்த முகவரி இணையத்தில் இல்லை. வெளியிலிருந்து யாராலும் அதைத் தொட முடியாது. 169.254 என்று தொடங்கும் முகவரிகள் உள்ளூர்ப் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, எந்த ரவுட்டரும் அவற்றைக் கடத்தி விடக் கூடாது என்பது ஏற்பாடு. ஆயிரம் சர்வர்கள் ஒரே முகவரியைக் கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பதில்தான் கிடைக்கும்: உன் பெயர் இது, நீ ஓடும் இடம் இது, உனக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் இது. இந்தச் சேவைக்கு மெட்டாடேட்டா சர்வீஸ் என்று பெயர்.

இது தருகிற தகவல்களில் முக்கால்வாசி யாருக்கும் சுவாரசியமில்லாதவை. ஒன்று மட்டும் தங்கம். ஒரு சர்வர், அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் ஒரு கோப்பைப் போட வேண்டுமென்றால் தன் அதிகாரத்தை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கான ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பார்கள், அல்லது ஒரு கோப்பில் போட்டு வைப்பார்கள். அந்த நிரல் கிட்ஹப்புக்குப் போகும், சாவியும் கூடவே போகும். இந்தத் தலைவலிக்குத் தீர்வாக வந்ததுதான் ரோல் என்ற ஏற்பாடு. சர்வரோடு ஒரு ரோலை இணைத்துவிட்டால் போதும். சில மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் தற்காலிகச் சாவியை மெட்டாடேட்டா சர்வீஸ் தரும், காலாவதியாகும் முன்பே அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும். நிரல் எழுதுபவர் சாவியைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டியதில்லை. அமேசான் கொடுக்கும் நிரல் நூலகமே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இந்த வசதியில் ஓர் ஓட்டை இருந்தது. சாவியைக் கேட்பதற்கு எந்தச் சடங்கும் இல்லை. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறப்பது போன்ற சாதாரண 'கெட்' வேண்டுகோள் ஒன்று போதும். இப்போது ஒரு வலைத்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பயனர் ஒரு படத்தின் முகவரியைக் கொடுத்தால், சர்வர் தானே போய் அந்தப் படத்தை எடுத்து வந்து காட்டும். விஷமக்காரர் ஒருவர் படத்தின் முகவரிக்குப் பதிலாக 169.254.169.254 என்று கொடுத்தால்? சர்வர் அப்பாவியாகத் தன்னுடைய மெட்டாடேட்டா சர்வீஸிடம் போய்க் கேட்டு, வந்த சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிடும்.

கேள்விக்குறியோடு நிற்கிற விஷயம் இல்லை இது. 2019 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி ஒரு திருட்டை அறிவித்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய தகவல்கள் போயிருந்தன. சரியாக அமைக்கப்படாத ஒரு வலைச் செயலிக் காவல் மென்பொருள் வழியாக உள்ளே வந்தவர், அந்த சர்வருக்கு இருந்த ரோலின் தற்காலிகச் சாவியை எடுத்து, அதைக் கொண்டு சேமிப்பகத்தைத் திறந்து தகவல்களை அள்ளியிருந்தார். மறு ஆண்டு வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அந்தக் காவல் மென்பொருளுக்கு அவ்வளவு பரந்த ரோல் எதற்கு என்பது தனிக் கேள்வி. என் பார்வையில் பெரிய பிழை அதுதான்.

அதே ஆண்டு நவம்பரில் அமேசான் மெட்டாடேட்டா சர்வீஸின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. இதில் சாவியை நேரடியாகக் கேட்க முடியாது. முதலில் 'புட்' என்ற வேறு வகை வேண்டுகோளை, ஒரு தனித் தலைப்புவரியோடு அனுப்பி டோக்கன் வாங்க வேண்டும். அதிகபட்சம் 6 மணி நேரம் செல்லும் அந்த டோக்கனைக் காட்டித்தான் மற்றதைக் கேட்க வேண்டும். அடுத்தவர் சர்வரை ஏமாற்றி ஒரு முகவரியைத் திறக்க வைப்பவருக்கு, 'புட்' வேண்டுகோளும் தலைப்புவரியும் பெரும்பாலும் கைக்கு எட்டாதவை. இதோடு இன்னொரு தடுப்பையும் வைத்தார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தடுப்பைப் பற்றியது.

இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். வழியில் ஒரு ரவுட்டரைக் கடக்கும்போதெல்லாம் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் பாக்கெட்டை அங்கேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவரை அடுத்த ஸ்டேஜில் கண்டக்டர் இறக்கிவிடுகிற மாதிரி. டோக்கனைச் சுமந்து வரும் பதிலுக்கு இந்த எண் 1 என்று வைக்கப்பட்டது. இதற்கு ஹாப் லிமிட் என்று பெயர். டோக்கன் அந்த சர்வர் வரைக்கும் வரும். அதைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தாலும் செத்துப்போகும். ரவுட்டராகவோ விபிஎன் ஆகவோ சர்வரைத் தவறாக அமைத்துவிட்டால்கூட டோக்கன் வெளியே கசியாது.

நல்ல யோசனைதான். ஆனால் 2019-க்குள் பல நிறுவனங்கள் தங்கள் செயலிகளை டாக்கர் கண்டெய்னர்களுக்குள் வைத்து ஓட்டத் தொடங்கியிருந்தன.

எங்கும் நடக்கக்கூடிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு நிறுவனத்தின் பில் போடும் செயலி, ஓர் இசி2 சர்வரில் டாக்கர் கண்டெய்னராக ஓடுகிறது. பைத்தானில் எழுதியது. பில்லை பிடிஎஃப் ஆக்கி எஸ்3-இல் சேமித்துவிட்டு வாடிக்கையாளருக்கு இணைப்பை அனுப்பும். இரண்டு வருடமாக ஒரு புகாரும் இல்லை. சர்வரில் மெட்டாடேட்டா சர்வீஸின் இரண்டு பதிப்புகளும் திறந்திருக்கின்றன. பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையில் அதுவே சிவப்புக் குறியாக வருகிறது: பழைய பதிப்பை மூடுங்கள். பாதுகாப்புக் குழு ஒரு வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு இந்த ஆணையை எல்லா சர்வர்களுக்கும் கொடுக்கிறது:

```
aws ec2 modify-instance-metadata-options \
  --instance-id i-0abc... --http-tokens required
```

ரீபூட் தேவையில்லை, சில நொடிகளில் அமலாகிவிடும். பில்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஏழு மணி, எட்டு மணி, எல்லாம் பச்சை. குழு வீட்டுக்குக் கிளம்புகிறது.

இரவு பத்தரைக்கு பில் நிற்கிறது.

இந்த நாலரை மணி நேர இடைவெளிதான் ஆளைக் குழப்பும். கண்டெய்னருக்குள் ஓடும் பைத்தான் நூலகம், மாலை வாங்கிய தற்காலிகச் சாவியை நினைவில் வைத்திருந்தது. அது செல்லும் வரை மெட்டாடேட்டா சர்வீஸை அது எட்டிப் பார்க்கவே இல்லை. காலாவதியாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் புதுச் சாவி கேட்கப் போனபோதுதான் கதவு மூடியிருப்பது தெரிந்தது. மாலை செய்த மாற்றத்தையும் இரவு நின்ற பில்லையும் அதற்குள் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. சர்வர்கள் பல இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொன்றின் சாவியும் ஒவ்வொரு நேரத்தில் காலாவதியாகும், ஒவ்வொன்றாக விழும்.

இரவுப் பணியில் இருக்கும் இளைஞர் செய்யும் முதல் காரியம் எல்லாரும் செய்வதுதான்: கண்டெய்னரை நிறுத்தி மறுபடி ஓட விடுகிறார். மிச்சமிருந்த பழைய சாவியும் அதோடு போகிறது. இப்போது செயலி தொடங்கியதுமே ஒரே வரியில் சொல்லிவிடுகிறது:

```
botocore.exceptions.NoCredentialsError: Unable to locate credentials
```

ரோல் கழன்றுவிட்டதா என்று சந்தேகப்பட்டு அவர் சர்வருக்குள் நுழைகிறார். `aws sts get-caller-identity` என்று அடிக்கிறார். ரோலின் பெயர் அழகாக வருகிறது. எஸ்3-இல் கையால் ஒரு கோப்பைப் போட்டுப் பார்க்கிறார், போகிறது. பாதுகாப்புக் குழுவில் மூத்தவரை எழுப்புகிறார்.

"அக்கா, சாயந்திரம் ஏதாவது மாத்தினீங்களா?"

"மெட்டாடேட்டாவுல பழைய வெர்ஷனை மூடினோம். ஏன், சர்வர்ல கிரெடென்ஷியல் வரலையா?"

"சர்வர்ல வருது. கண்டெய்னர்லதான் வரல."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. ஒரே இயந்திரம், ஒரே ரோல், ஒரே முகவரி. வெளியே கிடைக்கிறது, உள்ளே கிடைக்கவில்லை. ரோல் சரி, அனுமதி சரி, மெட்டாடேட்டா சர்வீஸும் உயிரோடு இருக்கிறது. மிச்சமிருப்பது வழி மட்டும்தான்.

வழியைச் சோதிக்க, கண்டெய்னருக்குள் போய் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். முதலில் டோக்கன் இல்லாமல், பழைய முறையில். பிறகு டோக்கன் கேட்டு, புதிய முறையில்:

```
curl -m 3 -i http://169.254.169.254/latest/meta-data/

curl -m 3 -X PUT http://169.254.169.254/latest/api/token \
  -H "X-aws-ec2-metadata-token-ttl-seconds: 60"
```

முதல் கேள்விக்கு உடனடியாக `401 Unauthorized` என்று பதில் வரும். மறுப்புதான், ஆனால் பதில். அதாவது கண்டெய்னரிலிருந்து அந்த முகவரிக்குப் பாதை இருக்கிறது, அங்கே ஆள் இருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு எதுவுமே வராது. மூன்று நொடி காத்திருந்துவிட்டு நேரம் முடிந்தது என்று வெளியேறும். இந்த ஜோடி, ஒன்றுக்கு உடனடி மறுப்பும் மற்றதற்கு மௌனமும், ஹாப் லிமிட் கோளாறின் கைரேகை. இரண்டுக்கும் மௌனம் என்றால் நெருப்புச்சுவர் விதி எதுவோ அந்த முகவரியையே அடைத்திருக்கிறது. பாதுகாப்பைக் கூட்டும்போது அதையும் செய்பவர்கள் உண்டு. கண்டெய்னரில் ப்ராக்சி அமைத்திருந்து, `NO_PROXY` பட்டியலில் இந்த முகவரியைச் சேர்க்க மறந்திருந்தால் வேண்டுகோள் ப்ராக்சிக்குப் போய் வேறு விதமாகச் சீரழியும். அறிகுறிகள் ஒன்று போலத் தெரிந்தாலும் இந்த இரண்டு கேள்விகளில் பிரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஏன் வரவில்லை? பதில் வந்தது, வழியில் விழுந்தது. டாக்கர் தன் கண்டெய்னர்களுக்கென்று சர்வருக்குள்ளேயே ஒரு தனி வலையமைப்பை உண்டாக்குகிறது. கண்டெய்னருக்கு 172.17.0.2 போன்ற சொந்த முகவரி. அதற்கும் வெளியுலகுக்கும் நடுவில் சர்வரே ரவுட்டராக நிற்கிறது. டோக்கனைச் சுமந்த பாக்கெட், டிடிஎல் 1 என்ற எண்ணோடு சர்வரை எட்டுகிறது. சர்வர் அதைக் கண்டெய்னருக்குக் கடத்த முயலும்போது ஒன்றைக் கழிக்கிறது, பூஜ்யம். போட்டுவிடுகிறது. நம்பிக்கை வராவிட்டால் சர்வரில் `sudo tcpdump -nv -i any host 169.254.169.254` என்று ஓடவிட்டுப் பார்க்கலாம். டோக்கன் பதிலின் வரியில் `ttl 1` என்று எழுதியிருக்கும். கண்டெய்னரிடமிருந்து ஒப்புதல் வராததால் அதே பாக்கெட் மறுபடி மறுபடி வருவதும் தெரியும்.

ஆனால் ஹாப் லிமிட் வியாழக்கிழமை மாலை வந்ததில்லை. அன்று மாற்றியது, டோக்கன் கட்டாயம் என்ற ஒன்றை மட்டும்தான். ஹாப் லிமிட் அதற்கு முன்னும் 1 ஆகத்தான் இருந்தது. அப்படியானால் இரண்டு வருடமாக பில் எப்படிப் போனது?

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். நூலகம் ஆரம்பத்திலிருந்தே புதிய முறையைத்தான் முதலில் முயன்றுகொண்டிருந்தது. டோக்கன் கேட்கும், ஒரு நொடி காத்திருக்கும், பதில் வராது. உடனே சத்தமில்லாமல் பழைய முறைக்கு இறங்கி, டோக்கன் இல்லாமலே கேட்கும். ஹாப் லிமிட் என்பது டோக்கன் தரும் பதிலுக்கு மட்டும்தான். பழைய முறையின் பதிலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனவே சாவி வந்து சேரும். புதிய பதிப்பு அந்தக் கண்டெய்னருக்குள் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. பழைய பதிப்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மூடியது அந்தப் பின்வாசலைத்தான்.

அந்த ஒரு நொடி, பார்க்கத் தெரிந்தவருக்குக் கண் முன்னால்தான் இருந்திருக்கும். கண்டெய்னருக்குள் நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாகத் தொடங்கி முடியும் வேலை ஏதாவது இருந்தால், அது ஒவ்வொரு முறையும் காரணமில்லாமல் ஒரு நொடி தாமதமாகியிருக்கும். அதே வேலையை நேரடியாக சர்வரில் ஓட்டினால் அந்தத் தாமதம் இருக்காது. ஒரு நொடிக்காக யார் கவலைப்படுவார்கள்?

சரிசெய்வது எளிது. ஹாப் லிமிட்டை 2 ஆக்கினால் பாக்கெட் சர்வரில் ஒன்றை இழந்தாலும் ஒன்றோடு கண்டெய்னரை எட்டிவிடும்.

```
aws ec2 modify-instance-metadata-options \
  --instance-id i-0abc... --http-tokens required \
  --http-put-response-hop-limit 2
```

இதற்கும் ரீபூட் வேண்டாம். `describe-instances` கொண்டு `MetadataOptions` பகுதியைப் பார்த்தால் `HttpTokens` என்பது `required`, `HttpPutResponseHopLimit` என்பது 2, `State` என்பது `applied` என்று இருக்க வேண்டும். பின்னிரவில் பில் ஓடத் தொடங்கிவிடும். அவசரத்தில் பலரும் `http-tokens`-ஐயே பழையபடி `optional` ஆக்கிவிடுகிறார்கள். அதுவும் வேலை செய்யும். கேப்பிட்டல் ஒன் கதையில் திறந்திருந்த அதே கதவைத் திறந்து வைத்து வேலை செய்யும்.

2 என்ற எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. அந்த சர்வரில் ஓடும் எல்லாக் கண்டெய்னர்களும் இப்போது சர்வரின் ரோலை எடுக்கலாம். பில் செயலி மட்டும் குடியிருக்கும் சர்வர் என்றால் பரவாயில்லை. பில், விளம்பரம், யாரோ எழுதிய படத்தைச் சுருக்கும் கருவி என்று பத்துக் கண்டெய்னர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தால், அதில் பலவீனமான ஒன்றை ஏமாற்றினால் பில் கோப்புகளும் கிடைக்கும். அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையில் ஹாப் லிமிட்டை 1-இலேயே வைத்திருக்கச் சொல்லும் காரணம் இதுதான். அங்கே கண்டெய்னருக்குச் சாவி கிடைக்காமல் போவது கோளாறு இல்லை, திட்டமிட்ட விளைவு. ஒவ்வொரு செயலிக்கும் தனி ரோல் கொடுக்க அங்கே வேறு வழி இருக்கிறது. பாட் ஐடென்டிட்டி என்ற பெயரில் 2023 முடிவில் வந்தது அதில் புதியது. அமேசானின் இன்னொரு கண்டெய்னர் சேவையான இசிஎஸ்-இல் ஒவ்வொரு வேலைக்கும் உரிய சாவி 169.254.170.2 என்ற வேறு முகவரியிலிருந்து வரும். இந்த ஹாப் லிமிட் விவகாரம் அதைத் தொடாது. நம் கதையின் நிறுவனம் வெறும் டாக்கரோடு நிற்பதால் 2 தான் நடைமுறைத் தீர்வு, அதோடு அந்த ரோல் எஸ்3-இல் பில் அடுக்கை மட்டும் தொடும்படி சுருக்குவது.

மாற்றத்தைச் செய்யும் முன்பே இதை அறிய முடியும். கிளவுட்வாட்ச் கண்காணிப்பில் `MetadataNoToken` என்று ஓர் எண்ணிக்கை உண்டு. டோக்கன் இல்லாமல் பழைய முறையில் எத்தனை முறை மெட்டாடேட்டா சர்வீஸிடம் தகவல் பெறப்பட்டது என்பதை சர்வர் வாரியாகச் சொல்லும். பில் சர்வரில் அது தினமும் பூஜ்யத்துக்கு மேல்தான் இருந்திருக்கும். அந்த எண் பூஜ்யமாகி, மாத இறுதி வேலைகளையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று கடந்த பிறகு கதவை மூடினால் யாரும் இரவில் எழுந்திருக்க வேண்டியதில்லை. மூடிய பிறகு, கண்டெய்னரை வேண்டுமென்றே ஒரு முறை மறுதொடக்கம் செய்வதும் அவசியம். அப்போதுதான் நினைவில் வைத்திருக்கும் சாவி போய், புதுச் சாவி உண்மையிலேயே வருகிறதா என்பது எல்லாரும் அலுவலகத்தில் இருக்கும்போதே தெரியும்.

சோதனை சர்வரில் எல்லாம் ஓடியதே என்று வாதாடுபவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அமேசான் லினக்ஸ் 2023 என்ற புதிய இயங்குதளத்தில் தொடங்கும் சர்வர்களுக்கு இயல்பிலேயே டோக்கன் கட்டாயம், ஹாப் லிமிட் 2. சோதனைக்குப் புதிய இயங்குதளமும் உற்பத்திக்குப் பழையதும் வைத்திருந்தால், ஒரே கண்டெய்னர் ஓரிடத்தில் ஓடும், மற்றதில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு தொலைபேசி வரலாம். இரவு மாற்றியது ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு சர்வரை மட்டும்தான். காலையில் கூட்டம் ஏறியதும் ஆட்டோ ஸ்கேலிங் தானாகவே இரண்டாவது சர்வரைத் தொடங்கும். அதை வார்க்கும் அச்சு லாஞ்ச் டெம்ப்ளேட். பாதுகாப்புக் குழு டோக்கன் கட்டாயம் என்பதை அதிலும் எழுதியிருக்கும். ஹாப் லிமிட் 1 ஆகவே இருக்கும். புதிய சர்வருக்குப் போகும் பில்கள் நிற்கும், பழையதற்குப் போனவை கிடைக்கும், பாதி வாடிக்கையாளர்கள் மட்டும் புகார் செய்வார்கள். டெம்ப்ளேட்டின் புதிய பதிப்பில் `HttpPutResponseHopLimit` 2 என்று எழுதி, ஆட்டோ ஸ்கேலிங் அந்தப் பதிப்பைத்தான் எடுக்கிறதா என்று பார்த்து, புதிதாக ஒரு சர்வரைத் தொடங்க வைத்து, அதன் கண்டெய்னருக்குள்ளிருந்து அந்த 'புட்' கேள்வியை இன்னொரு முறை கேட்க வேண்டும். இம்முறை நீளமான ஓர் எழுத்துக் குவியல் திரையில் வரும். அதுதான் டோக்கன்.